பட்டியல் வந்த பிறகு எழுத வேண்டிய கடிதம்

பொதுத்துறை வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரும் நாள் தெரியும். யாரோ ஒருவர் பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். அடுத்த அரை மணி நேரம் கிளையில் ஒரு வேலையும் நடக்காது. பெயர் இருப்பவருக்குப் போன் நிற்காமல் அடிக்கும். பெயர் இல்லாதவர் சீக்கிரமே கிளம்பிப் போய்விடுவார். அன்றிரவு, வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் கைகூப்பிய எமோஜி போட்டு முடித்த பிறகு ஒரு நினைப்பு வரும்: அவருக்குச் சொல்ல வேண்டுமே.

அந்த அவர் யார் என்பதில் பெரும்பாலும் சந்தேகமே இருக்காது. பத்து மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்திருந்தாலும், வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவரோ இருவரோதான். கடனுக்கு வந்த மனுவை எப்படிப் படிப்பது, பேலன்ஸ் ஷீட்டில் எந்த வரியை முதலில் பார்ப்பது, கவுன்டரில் கத்துகிறவரிடம் எந்தக் குரலில் பேசுவது என்பதையெல்லாம் அவரைப் பார்த்துத்தான் பழகியிருப்போம். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுவது இயல்பான காரியம். ஆனால் பேனாவை எடுத்த பிறகுதான் சங்கடம் புரிகிறது. எழுதுவதெல்லாம் மனு மாதிரி இருக்கிறது, இல்லாவிட்டால் சினிமா வசனம் மாதிரி ஆகிவிடுகிறது.

என்னுடன் முன்பு வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரிக்கு இரண்டாம் ஸ்கேலில் இருந்து மூன்றாம் ஸ்கேலுக்கு, அதாவது மேலாளரிலிருந்து முதுநிலை மேலாளராக, உயர்வு கிடைத்தது. திருப்பூரில் அவர் கடன் பிரிவில் இருந்தபோது தலைமை மேலாளராக இருந்தவருக்கு நன்றிக் கடிதம் ஒன்று எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். அந்த முன்னாள் தலைமை மேலாளர் இப்போது வேறொரு மண்டலத்தில் ஏ.ஜி.எம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிவிட்டு, அவருடைய அனுமதியோடு அந்த வரைவை இங்கே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களின் ஆசியால் எனக்கு ஸ்கேல் மூன்று பதவி உயர்வு கிடைத்துள்ளது என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் இல்லையென்றால் நான் இன்று இந்த இடத்தில் இல்லை. எனக்காகத் தாங்கள் எடுத்துக்கொண்ட முயற்சிகள் வீண்போகவில்லை. தாங்கள் எனக்கு மேலதிகாரி மட்டுமல்ல, தந்தைக்கு நிகரானவர். இந்த நன்றிக்கடனை ஏழேழு ஜென்மத்திலும் தீர்க்க முடியாது. பின்குறிப்பு: போஸ்டிங் ஆர்டர் இன்னும் வரவில்லை. மகள் பத்தாம் வகுப்பு. கோவைப் பக்கமே கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அவர் மனதார எழுதியதுதான். ஆனாலும் இது அனுப்பக்கூடாத கடிதம்.

பின்குறிப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கெடுதல் அதிகம் அங்கேதான் இருக்கிறது. வங்கியில் பதவி உயர்வென்றால் கூடவே இடமாற்றமும் வரும். எந்த ஊருக்குப் போடுவார்கள் என்ற கவலை உயர்வு கிடைத்த சந்தோஷத்தையே பாதி தின்றுவிடும். உயரத்தில் இருக்கும் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதும்போது அந்தக் கவலை வந்து ஒட்டிக்கொள்வது மனித இயல்புதான். ஆனால் அந்த இரண்டு வரி சேர்ந்ததும் அதற்கு மேலே இருக்கும் பத்து வரியும் முன்னுரையாக மாறிவிடுகிறது. படிப்பவர் கடைசி வரிக்கு வந்ததும் "ஓ, இதுக்குத்தானா" என்று நினைப்பார். இடமாற்றம் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு மனிதவளப் பிரிவுக்கு உரிய வழியில் விண்ணப்பம் போட வேண்டும். நன்றிக் கடிதத்தில் எந்தக் கோரிக்கையும் இருக்கக்கூடாது. "தொடர்ந்து வழிகாட்ட வேண்டுகிறேன்" என்ற வழக்கமான வரியைக்கூட நான் எடுத்துவிடச் சொல்வேன். அதுவும் ஒரு கோரிக்கைதான், அவர் கையில் இன்னும் ஒரு வேலையைத் திணிக்கிறது.

அடுத்தது "தாங்கள் எடுத்துக்கொண்ட முயற்சிகள்." எழுதியவர் நினைத்தது, நேர்முகத் தேர்வுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போனில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கியதை. ஆனால் வெளி ஆள் ஒருவர் இதைப் படித்தால் என்ன தோன்றும்? ஏ.ஜி.எம். யாரிடமோ பேசியிருக்கிறார் என்றுதான் தோன்றும். இந்த உயர்வுகள் வெறும் சிபாரிசில் நடப்பவை அல்ல. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, ஆண்டுதோறும் எழுதப்படும் பணி மதிப்பீட்டு அறிக்கையின் மதிப்பெண் ஆகியவற்றை வைத்தே பட்டியல் தயாராகிறது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது வங்கிக்கு வங்கி மாறும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், பணி சம்பந்தப்பட்ட நலன்களுக்காக வெளியிலிருந்து செல்வாக்கைக் கொண்டுவருவதைத் தடுக்கவே தனியாக ஒரு விதி இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளுக்கும் இதே தன்மையில் சொந்த நடத்தை ஒழுங்குமுறைகள் உண்டு. நன்றியில் வாய்தவறி வந்த ஒரு சொல், நடக்காத ஒன்றுக்குச் சாட்சியாகிவிடக்கூடாது. அலுவலக மின்னஞ்சலில் அனுப்பினால் அது சர்வரில் கிடக்கும். ஐந்து வருடம் கழித்து வேறேதோ விசாரணையில் வேறேதோ காரணத்துக்காகத் திறக்கப்படலாம். அப்போது எழுதியவருக்கு மட்டுமல்ல, நன்றி பெற்றவருக்கும் தலைவலி.

"தாங்கள் இல்லையென்றால் நான் இன்று இந்த இடத்தில் இல்லை" என்பதிலும் இதே சிக்கல்தான், கொஞ்சம் மென்மையாக. நம் ஊரில் இதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் கற்றுக்கொடுத்தது வேறு, தேர்வு செய்தது வேறு. அவர் கற்றுக்கொடுத்தார், தேர்வு செய்தது குழு. இரண்டையும் கலக்கும்போது அவர் உண்மையில் செய்தது மறைந்து, செய்யாதது முன்னால் வந்து நிற்கிறது. அவர் அந்த ஆண்டு நேர்காணல் குழுவிலேயே இருந்திருந்தாலோ, மதிப்பீட்டு அறிக்கை எழுதும் இடத்தில் இருந்தாலோ இன்னும் கவனம் தேவை. அப்படியானால் இந்தக் கடிதத்தை எழுத்தில் எழுதாமல், எப்போதாவது நேரில் பார்க்கும்போது இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்வதே நல்லது.

"தந்தைக்கு நிகரானவர்" வரியைப் பற்றி எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. "உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார் அவர். நினைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. நம் அலுவலகங்களில் அண்ணன், அக்கா, அப்பா மாதிரி என்று உறவு வைத்துப் பேசுவது சாதாரணம், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒரு மேலதிகாரியைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தால் அவருக்குப் பதில் எழுதுவது கஷ்டமாகிவிடும். அப்பா ஸ்தானத்தில் வைத்தவருக்கு "வாழ்த்துகள், நன்றாகச் செய்யுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் வறட்சியாகத் தெரியும். அதைவிட நீளமாக எழுதுவது அவர் பழக்கமில்லை. ஆணும் பெண்ணுமாக இருக்கும்போது, சாதாரண அன்பைக்கூட வேறு மாதிரி படிக்கக் காத்திருப்பவர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். "சார்" என்று கூப்பிட்டுப் பழகியவருக்கு "சார்" என்றே எழுதலாம். அந்த வார்த்தையிலேயே போதுமான அன்பு இருக்கிறது, கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். பேச்சில் "நீங்க" என்று சொன்னவரிடம் எழுத்தில் திடீரென்று "தாங்கள்" என்று போவதும் தேவையில்லை. அது கல்யாணப் பத்திரிகை வாசம் அடிக்கிறது.

இவ்வளவையும் அடித்துவிட்டால் என்ன மிஞ்சும்? "பதவி உயர்வு கிடைத்தது, உங்கள் வழிகாட்டுதலுக்கு நன்றி." இது பாதுகாப்பானதுதான். ஆனால் உயிரில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நின்றுவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய மின்னஞ்சல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைப் பெறுபவருக்கு, இதே கடிதம் இன்னும் நாலு பேருக்குப் போயிருக்கும் என்று படித்தவுடன் தெரிந்துவிடும்.

ஆகவே நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "அவர் என்ன செய்தார்?"

"நிறையச் செய்தார்."

"ஒன்று சொல்லுங்கள்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது இது.

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்துக்கு ரொக்கக் கடன் கணக்கு இருந்தது. இப்படிப்பட்ட கணக்கில் கடன்காரர் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்கவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். அதிலிருந்து வங்கி தன் மார்ஜினைக் கழித்துக்கொண்டு, இந்த மாதம் இவர் இவ்வளவு வரை பணம் எடுக்கலாம் என்று ஒரு வரம்பைப் போடும். திருப்பூர்த் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. துணி ஒரே இடத்தில் இருக்காது. நூல் நிட்டிங்குக்குப் போகும், நிட்டிங்கில் இருந்து துணி டையிங்குக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகுதான் கட்டிங்குக்கு வரும். ஆகவே ஸ்டேட்மெண்டில் காட்டும் சரக்கில் ஒரு பகுதி எப்போதும் அடுத்தவர் இடத்தில் கிடக்கும். அதைப் போய்ப் பார்க்க யாருக்கும் சோம்பலாக இருக்கும், காகிதத்தை நம்பிவிடுவார்கள்.

அந்த மாத ஸ்டேட்மெண்டில் 18 லட்சம் ரூபாய்த் துணி டையிங் யூனிட்டில் இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். கூட்டல் எல்லாம் சரி. இவரும் சரியாக இருக்கிறது என்று தலைமை மேலாளரிடம் சொல்லிவிட்டார். "வாங்க, பார்த்துட்டு வந்துடலாம்" என்று அவர் மதியம் இவரை அழைத்துக்கொண்டு அந்த யூனிட்டுக்கே போய்விட்டார். அங்கே இருந்த வரவு செலவுப் பதிவேட்டைத் தான் வாங்காமல் இவர் கையில் கொடுக்கச் சொன்னார். டெலிவரி சலானோடு ஒப்பிட்டுப் பார்த்தால், துணி மூன்று வாரம் முன்பே சாயம் ஏறித் திரும்பிப் போயிருந்தது. அப்புறம் விசாரித்ததில், அது உடுப்பாகி விற்றும் போய்விட்டது. விற்றதற்கான பில், வரவேண்டிய பாக்கியிலும் ஏறியிருந்தது. ஒரே துணி, ஒருமுறை சரக்காகவும் இன்னொரு முறை பாக்கியாகவும், இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருந்தது. வேண்டுமென்றே செய்ததா, கணக்குப் பிள்ளையின் கவனக்குறைவா என்பது வேறு கதை. எப்படியிருந்தாலும் வரம்பை அந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டும், குறைத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாராம். மறுநாள் காலையில் ஆய்வு அறிக்கையை எழுதச் சொன்னார். "யார் பேரில் சார்?" என்று இவர் கேட்டதற்கு, "பார்த்தது நீங்கதானே?" என்றார். கோட்டை விட்டவர் என்று பதிவாகியிருக்க வேண்டியவர், கண்டுபிடித்தவராகப் பதிவானார்.

இதைக் கேட்டதும் நான் சொன்னேன், கடிதம் இதுதான், வேறொன்றும் வேண்டாம் என்று.

இங்கே ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிட வேண்டும். சாரா ஆல்கோ என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2016-இல் வெளியிட்டது. தம்பதிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நன்றி சொல்பவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். "இதனால் எனக்கு எவ்வளவு உபயோகம்" என்பது ஒன்று, "நீ எவ்வளவு யோசித்துச் செய்தாய்" என்று செய்தவரின் செயலைப் பாராட்டுவது மற்றொன்று. கேட்டவர் மனதைத் தொட்டது இரண்டாவது வகைதான். கணவன் மனைவி வேறு, ஏ.ஜி.எம். வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நன்றிக் கடிதங்களில் எங்கே தடுக்கிறது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. அந்த முதல் வரைவில் அவருக்கு என்ன கிடைத்தது, அவர் எவ்வளவு மகிழ்ந்தார், அவருடைய கடன் எத்தனை ஜென்மத்துக்கு என்பதெல்லாம் இருக்கிறது. தலைமை மேலாளர் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை.

செய்ததைச் சொன்னால் அடைமொழிகள் தானாகவே உதிர்ந்துவிடுகின்றன. "பதிவேட்டை என் கையில் கொடுக்கச் சொன்னீர்கள்" என்று எழுதிய பிறகு "ஈடு இணையற்ற" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அலுவல் முறையில் அடக்கமாக எழுத வேண்டும் என்றால் அன்பைக் குறைத்து எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்பு அந்தச் சம்பவத்தின் விவரத்திலேயே இருக்கும்போது, குரலை எவ்வளவு தாழ்த்தினாலும் அது கேட்கும்.

கடைசியில் அவர் அனுப்பியது இது:

"அன்புள்ள சார்,

வணக்கம். சென்ற மாதம் வந்த பட்டியலில் எனக்கு ஸ்கேல் மூன்று கிடைத்திருக்கிறது. புதிய கிளையில் பொறுப்பேற்று இரண்டு வாரம் ஆகிறது.

திருப்பூரில் ஒருநாள் மதியம் என்னை ஒரு டையிங் யூனிட்டுக்கு அழைத்துப் போனீர்கள். கணக்கு சரியாக இருக்கிறது என்று நான் அதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருந்தேன். அங்கே பதிவேட்டை நீங்கள் வாங்காமல் என்னைப் படிக்கச் சொன்னீர்கள். திரும்பி வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அறிக்கையை என் பெயரிலேயே எழுதவும் சொன்னீர்கள்.

நீங்களே படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்காகக் காத்திருந்தீர்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்குப் பிறகு பார்க்காத சரக்குக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. போன வாரம் இங்கே புதிதாகச் சேர்ந்த அதிகாரியுடன் முதல் ஆய்வுக்குப் போனேன். பதிவேட்டை அவரிடமே கொடுக்கச் சொன்னேன்.

நன்றி சார். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்"

கீழே பெயர், அவ்வளவுதான்.

இதில் எதெல்லாம் இல்லை என்று பாருங்கள். பனியன் நிறுவனத்தின் பெயர் இல்லை. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது வங்கி ஊழியருக்கு அடிப்படைக் கடமை. மூத்த அதிகாரிதானே, அவருக்குத் தெரிந்ததுதானே என்று எழுதிவிடக்கூடாது, ஏனென்றால் கடிதம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தொகையையும் அதனால்தான் எடுத்தோம். அவருக்கு ஞாபகம் வர டையிங் யூனிட் என்ற ஒரு சொல்லே போதும். நேர்காணலில் என்ன கேட்டார்கள், யார் குழுவில் இருந்தார்கள் என்பது இல்லை. கூட எழுதித் தேறாதவர்களைப் பற்றிய பேச்சும் இல்லை. "எங்கள் பேட்சில் எனக்கு மட்டும்தான்" என்று ஒரு வரி இருந்தது, அதை அவரே அடித்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புதிய அதிகாரியின் கையில் பதிவேட்டைக் கொடுக்கச் சொன்னது. ஏழேழு ஜென்மக் கணக்கைவிட அது பெரிய நன்றி. கற்றுக்கொடுத்த ஒருவருக்கு, தான் சொன்னது அடுத்த ஆளுக்கும் போயிருக்கிறது என்று தெரிவதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஓர் எச்சரிக்கை: அது உண்மையாக நடந்திருக்க வேண்டும். கடிதத்துக்காகக் கற்பனை செய்தால் அந்த வரி உடனே பல்லிளிக்கும். நடக்கவில்லையென்றால் அந்த வரியே வேண்டாம், கடிதம் ஒன்றும் கெட்டுவிடாது.

எப்போது அனுப்புவது? பட்டியல் வந்த இரவே அனுப்ப வேண்டாம் என்பேன். அன்றைக்கு அவர் போனிலும் நூறு செய்தி வந்திருக்கும், இவருடையது நூற்றொன்று. அன்று ஒரு சிறிய தகவல் மட்டும் போதும்: "சார், லிஸ்ட் வந்துவிட்டது, என் பெயர் இருக்கிறது." அடுத்தவர் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். கடிதம், ஆர்டர் கைக்கு வந்து பொறுப்பேற்ற பிறகு. அதற்குள் சத்தம் அடங்கியிருக்கும், எழுதுபவர் மனதிலும் கொஞ்சம் தெளிவு வந்திருக்கும். போஸ்டிங் முடிவான பிறகு அனுப்பினால் இன்னொரு நன்மையும் உண்டு, எதையோ எதிர்பார்த்து எழுதியதாக யாரும் நினைக்க முடியாது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு செய்தது இப்படித்தான். 1957 அக்டோபரில் அவருக்கு இலக்கிய நோபல் அறிவிக்கப்பட்டது. அல்ஜியர்ஸில் தொடக்கப்பள்ளியில் தனக்குப் பாடம் சொன்ன லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியருக்கு அவர் நன்றிக் கடிதம் எழுதியது நவம்பர் 19-ஆம் தேதி. ஏறத்தாழ ஒரு மாதம், ஆரவாரம் கொஞ்சம் அடங்கட்டும் என்று பொறுத்திருந்து எழுதினார். தகப்பன் போரில் இறந்துபோன ஏழைக் குடும்பம். பையன் மேலே படிக்க உதவித்தொகைத் தேர்வுக்கு அவரைத் தயார்செய்து, வீட்டாரையும் சம்மதிக்க வைத்தவர் அந்த ஆசிரியர். செய்தி வந்தபோது அம்மாவுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது நீங்கள்தான் என்று காம்யு அதில் சொல்கிறார். உலகப் பரிசு வாங்கியவர் எழுதிய அந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஊரறியச் செய்ய வேண்டியதை அவர் வேறு இடத்தில் செய்தார். நோபல் உரை அச்சானபோது அதை ஜெர்மேனுக்கே சமர்ப்பணம் செய்தார்.

ஊரறிய என்றதும் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நன்றி என்றால் நமக்குப் பொன்னாடை, வெள்ளி விளக்கு, குடும்பத்தோடு ஓட்டலில் விருந்து. பதவியில் இருக்கும் அதிகாரிக்கு இதெல்லாம் சங்கடம் தரக்கூடியவை. நான் முன்பு சொன்ன மத்திய அரசு நடத்தை விதிகளில் 13-ஆவது விதி பரிசுகளைப் பற்றியது, 14-ஆவது விதி அதிகாரிக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பது, அவரைக் கௌரவித்துக் கூட்டம் நடத்துவது போன்றவற்றைப் பற்றியது. முன் அனுமதி இல்லாமல் அவற்றை ஏற்கக்கூடாது என்பது பொதுவான நிலை. எப்போதாவது சாப்பிட அழைப்பது, வண்டியில் கூட்டிப்போவது மாதிரியான சாதாரண உபசாரம் பரிசு ஆகாது. பிரிவு உபசாரம் போன்ற தனிப்பட்ட, எளிய நிகழ்ச்சிகளுக்கும் விலக்கு உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் விதி இருப்பதால் பார்த்துக்கொள்வது நல்லது. கடிதத்துக்கு எந்த விதியும் தடை போடவில்லை. ஒரு ஸ்வீட் பாக்ஸை உறையோடு சேர்த்து அனுப்பும்போதுதான் கேள்வி தொடங்குகிறது. தனிக் கடிதமாகவோ தனிப்பட்ட மின்னஞ்சலாகவோ, அவருக்கு மட்டும் போகட்டும். பொது வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மற்றவர்களும் ஆளுக்கொரு வரி சேர்ப்பார்கள், நன்றி அங்கே ஊர்வலமாகிவிடும்.

இதைவிடக் கடினமான ஒரு நிலை இருக்கிறது. வேலை கற்றுக்கொடுத்தவர் அதே மூன்றாம் ஸ்கேலில் நின்றுவிட்டவராகவோ, அந்த ஆண்டுப் பட்டியலில் பெயர் வராதவராகவோ இருக்கலாம். இப்போது நீங்கள் அவருக்குச் சமம், இல்லையென்றால் மேலே. இது நடக்காத விஷயமில்லை, ஒவ்வொரு மண்டலத்திலும் நடக்கிறது. அப்போது கை தானாக ஆறுதல் எழுதப் போகும். "உங்களுக்குக் கிடைக்க வேண்டியது" என்றும் "அடுத்த முறை நிச்சயம்" என்றும் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அவருடைய காயத்தை உங்கள் நல்ல நாளில் நீங்கள் தொட வேண்டியதில்லை. உயர்வைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டு, அவர் கற்றுக்கொடுத்த வேலையைப் பற்றியே மீதி முழுவதும் எழுதலாம். பதவியின் படிநிலை அந்தக் கடிதத்துக்குள் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். முன்பு எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழைக்க வேண்டும், முக்கியமாக "சார்" என்பதை விட்டுவிடக்கூடாது.

பணியிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு எழுதுவது இதற்கு நேர்மாறாகச் சுலபம். விதிகளின் நெருக்கடி குறைவு, எதிர்பார்ப்பு இருக்கும் என்ற சந்தேகமும் இல்லை. கையால் எழுதி அஞ்சலில் அனுப்பலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு வங்கியிலிருந்து வருவதெல்லாம் ஆயுள் சான்றிதழ் கேட்கும் தகவல்கள்தான். ஆகவே அந்த உறையை அவர்கள் சீக்கிரம் பிரிப்பார்கள்.

எழுதி முடித்த பிறகும் பலர் அனுப்பாமல் வைத்திருப்பதுண்டு. அசட்டுத்தனமாகத் தெரியுமோ, எழுத்து சரியாக வந்திருக்கிறதோ என்ற தயக்கம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018-இல் எழுதினார்கள். நன்றிக் கடிதம் எழுதுபவர்களிடம் அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று முன்கூட்டியே கேட்டார்கள். பிறகு பெற்றவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்களுக்குச் சங்கடம் குறைவாகவும், வியப்பும் சந்தோஷமும் அதிகமாகவும் இருந்தன. எழுதியவர்கள் தங்கள் சொல் திறமையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், பெற்றவர்களோ அதில் இருந்த அன்பைத்தான் கவனித்தார்கள். நான் மேலே இத்தனை அடித்தல் திருத்தல் சொன்னது அழகுக்காக அல்ல. அழகு குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தவறாகப் படிக்கும்படி இருந்தால்தான் நஷ்டம்.

அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதம் விஜிலென்ஸ் அதிகாரி மேசைக்குப் போனாலும், பட்டியலில் பெயர் வராத உங்கள் சக ஊழியர் கண்ணில் பட்டாலும், உங்கள் முகம் சிவக்குமா? சிவக்கும் என்றால் எந்த வரியால் என்று உங்களுக்கே உடனே தெரியும். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். நாற்பது வருடம் குறிப்புத் தாளில் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதிப் பழகியவர்களிடம் நீண்ட பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. "கிடைத்ததா சார்?" என்று கேட்கவும் கூடாது. எங்கள் அதிகாரிக்கு வந்தது ஒரு கட்டைவிரல். நான்கு நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். நலம் விசாரித்துவிட்டு அவர் கேட்டாராம்: "அங்கே டெப்டார்ஸ் லிஸ்ட் எல்லாம் எப்படி இருக்கு? தொண்ணூறு நாளுக்கு மேல போனதைத் தனியாப் பிரிச்சுட்டீங்களா?"

இன்னும் பிரிக்கவில்லையாம். மறுநாள் காலையில் உட்கார்ந்துவிட்டார்.